வைட் பார்த்த துண்டு

பூஞ்சணம் பிடித்த கேசட்டை டெக்கில் போட்டால் அந்தக் கேசட்டோடு நிற்காது. பொடி ஹெட்டில் ஒட்டும், அதற்குப் பிறகு போடுகிற நல்ல கேசட்டும் கட்டம் கட்டமாக உடையும். அதனால் தர்ஷினி பெட்டியைத் திறந்ததும் ஒவ்வொரு MiniDV கேசட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சுருளின் ஓரத்தில் வெள்ளை படர்ந்தவற்றைப் பொலித்தீன் பையில் கட்டி ஒதுக்கினாள். வாவிக்கரை வீட்டு அலுமாரிக்குள் இருபது வருடம் கிடந்த பெட்டி. இவ்வளவு மிஞ்சியதே பெரிய காரியம்.

கேசட்டுகள் கல்லடிப் பக்கம் கல்யாணமும் சாமத்தியச் சடங்கும் எடுத்துத் திரிந்த ஒரு வீடியோக்காரருடையவை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு முந்திய மட்டக்களப்பு நாவலடி எப்படி இருந்தது என்று ஒரு ஆவணப்படம் செய்கிறார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் டைரக்டருக்குத் தேவையில்லை. அவர்களுக்குப் பின்னால் விழுந்திருக்கிற வேலி, கிணறு, ஒழுங்கை, சவுக்கு மரம், இவைதான் வேண்டும். அவற்றைப் பொறுக்கி எடுப்பது தர்ஷினியின் வேலை.

நல்ல கேசட்டுகளை ஒருமுறை கடைசி வரைக்கும் ஓட்டித் திருப்பிச் சுற்றினாள். நாள்பட்டுக் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படியே பிளே கொடுத்தால் இழுபடும். பிறகு ஃபயர்வயர் கேபிளில் கணினிக்குக் கப்சர். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரமேதான், விரைவுபடுத்த வழியில்லை. 13 ஜிபி போகும்.

இருபத்து மூன்றாவது கேசட்டில் லேபிள் இல்லை. உறையிலும் எழுத்தில்லை. டைம்கோட் நான்கு இடத்தில் அறுந்து மறுபடி 00:00:00:00 என்று தொடங்கியது. எடுத்ததைப் போட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் வெறும் நாடா விட்டுத் திரும்ப எடுத்தால் இப்படித்தான் ஆகும். சொஃப்ட்வேர் அறுந்த இடமெல்லாம் வெட்டி ஐந்து கிளிப் ஆக்கியிருந்தது. நான்காவது 41 செக்கன்.

கல்யாண புட்டேஜ் பார்த்துப் பழகிய எவருக்கும் அது என்ன துண்டு என்று முதல் பார்வையிலேயே தெரியும். படம் நீலமாகத் தொடங்குகிறது. கெமரா ஒரு கொடியில் காய்கிற வெள்ளை வேட்டிக்குக் கிட்டப் போய்த் திரையை நிரப்புகிறது. ஒரு கணத்தில் நீலம் கழன்று வேட்டி வெள்ளையாகிறது. வெள்ளையைக் காட்டிக் கெமராவின் நிறத்தைச் சரிசெய்தாயிற்று, அதாவது வைட் பார்த்தாயிற்று. இந்த மாதிரித் துண்டை எந்த ஸ்டூடியோவிலும் வைத்திருக்க மாட்டார்கள், கப்சர் முடிந்ததும் அழிப்பார்கள். தர்ஷினியும் கிளிப்பை அழிக்கிறவற்றின் ஃபோல்டருக்கு இழுத்துவிட்டாள். ஆனால் வீடியோக்காரர் நிறுத்த மறந்திருந்தார். கெமரா பின்வாங்க, வேட்டிக்கு அங்கால் ஒரு முற்றம் வந்தது. கிணற்றுக்கட்டு வந்தது. கிணறு என்றால் டைரக்டருக்கு வேண்டும். கிளிப்பைத் திரும்ப எடுத்தாள்.

கிணற்றடியில் ஒரு இளம்பெண் குந்தியிருந்து தேங்காய் திருவுகிறாள். இடக்கையால்.

படம் இடம் வலம் மாறிக் கிடக்கிறதா என்று பார்ப்பது எடிட்டருக்குப் பழக்கம். வேலியோரம் கிடந்த சீமெந்துப் பையின் எழுத்து நேராகத்தான் இருந்தது. அப்படியென்றால் கை இடக்கைதான்.

வேலிக்கு அப்பாலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள், இவள் நிமிராமல் பதில் சொல்கிறாள். குரல் சின்னப் பிள்ளையின் குரல் போல மெலிந்து, அவசரப்பட்டது. படம் 41 செக்கன் ஓட, சத்தம் 27வது செக்கனிலேயே தீர்ந்துவிட்டது. காரணம் தெரிந்ததுதான். அந்தக் காலத்துக் கெமராக்கள் பலவற்றில் ஒலி 12 பிட், 32,000 ஹேர்ட்ஸ் என்று வைத்திருக்கும். சொஃப்ட்வேர் அதை 48,000 என்று எடுத்துக்கொண்டால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். கிளிப்பின் அமைப்பில் எண்ணை 32,000 ஆக்கித் திரும்பப் போட்டாள்.

"யோகம், உப்பு இரிக்காகா?"

"இரிக்கி. புள்ள நித்திரை, சத்தம் போடாம வந்து எடுங்க."

யோகம் என்று யோகராணியைக் கூப்பிட இன்றைக்கு ஆளில்லை. ஆனால் "சத்தம் போடாம" என்பதைத் தர்ஷினி நேற்றிரவும் கேட்டாள், அதே இழுவையில், அதே ஆளிடமிருந்து. அவளுடைய வீட்டில் 2005க்கு முந்திய படம் ஒன்றும் இல்லை. நாவலடியில் எவருடைய அல்பம் மிஞ்சியது?

திகதி தேடினாள். இந்த வகை நாடாவில் படத்தோடு எடுத்த நாளும் நேரமும் பதிந்திருக்கும், ஆனால் கெமராவின் உள் பேட்டரி செத்திருந்தால் அந்த இடம் வெறுமைதான். வெறுமையாகத்தான் இருந்தது. ஐந்தாவது கிளிப் பக்கத்து வீட்டுச் சாமத்தியச் சடங்கு. பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்துக் கூட்டி வரும்போது சுவரில் ஒரு தாள் கிழிக்கிற கலண்டர் வந்து போனது. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினால் ஆட்டத்தில் எழுத்துக் கரைந்து, நான்கு ஃபிரேம் மட்டும் தெளிகிறது. இன்டர்லேஸ் கோடுகளை எடுத்துவிட்டுப் பெருப்பித்தாள். 2004 ஆவணி. நித்திரையில் கிடந்த பிள்ளைக்கு அப்போது மூன்று வயது.

கிளிப்பை போனுக்கு அனுப்பவில்லை. வாட்ஸ்அப் நசுக்கித் தள்ளினால் முகம் மெழுகாகிவிடும். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு திராய்மடு வீட்டுக்குப் போனாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். தன் முகம் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை.

"கொஞ்சம் பின்னால விடு மனே. இன்னும். அந்தா, நிப்பாட்டு."

நின்றது அம்மா இல்லாத ஃபிரேம். வேட்டி விலகி, முற்றம் இன்னும் முழுதாக வராத இடம்.

"அது குசினிக் கதவு. உங்கட அப்பா தகரம் அடிச்சவர், மழைக்கு முதல். பக்கத்தில நிக்கிறது முருங்கை. அது எங்கட இல்ல, மலர் மாமிட. எங்கட பக்கம் சாய்ஞ்சு நிண்டது."

"உப்புக் கேட்டது மலர் மாமியா?"

"வேற ஆரு. நாளைக்கு மூண்டு தரம் கேப்பா. தண்ணி வார்த்தது அவட மகளுக்குத்தான். ஆரிட்டயும் இல்லாம உப்பு மட்டும் என்னட்டத்தான் இரிக்கிற மாதிரி." சொல்லிவிட்டு அம்மா திரையைத் தொட்டாள், விரல் பட்ட இடத்தில் எல்சிடி மங்கியது. "இதில வேலிக்குப் பின்னால ஒரு தலை போகுது பாரு. திருப்பிப் போடு."

தர்ஷினி பார்த்திருக்கவில்லை. பதினொரு ஃபிரேம், அரைச் செக்கனுக்கும் குறைவு. வேலிக்கு மேலே எண்ணெய் வைத்த தலைமயிர் மட்டும்.

"அது மாமிட மகன். பந்தலுக்கு வாழை வெட்டப் போறான்."

முகமே இல்லையே, எப்படித் தெரியும் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டாள். லொக் ஷீட்டைத் திறந்தாள். நான்காவது கிளிப்புக்குப் பகலில் கொடுத்திருந்த பெயர் `T23_C04_UNID_WELL`. கேசட் 23, கிளிப் 4, ஆள் தெரியாது, கிணறு. நடுவிலிருந்ததை அழித்து `T23_C04_YOGARANI_WELL` என்று மாற்றி, குறிப்பு நிரலில் அம்மா சொல்லச் சொல்ல அடித்தாள்: குசினிக் கதவு, முருங்கை, மலர் மாமியின் குரல், 00:00:31:06இல் மகன்.

"மாமிட மகள் இப்ப கல்முனையில. தப்பினது அவள் மட்டும்தான். தாய்ட குரல் அவளிட்ட இரிக்காது. இதைக் குடுக்கோணும்."

"கேசட் வீடியோக்காரருடையதும்மா. அவரிட்டக் கேக்கணும்."

"கேள். நானும் வாறன். என்னை எடுக்கக் கேக்காத மனிசன், குடுக்க மாட்டேண்டு சொல்லுவாரா?"

பெட்டியில் லேபிள் இல்லாத கேசட் இன்னும் எத்தனை என்று அம்மா கேட்டாள். ஆறு என்றாள் தர்ஷினி. ஆறையும் கொண்டு வரட்டாம், ஆள் பேர் தான் சொல்கிறாளாம், கிணற்றடிகளைத் தனக்குத் தெரியுமாம். ஆறு கேசட் என்றால் 78 ஜிபி, லெப்டொப்பில் 60தான் காலி. தர்ஷினி போனை எடுத்து டைரக்டருக்கு அடித்து, ஸ்டூடியோ ஹார்ட் டிஸ்க் ஒன்றை ஞாயிறு வரைக்கும் வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டாள்.