அப்பத்தாவுக்கு: போனில் எழுத்தைப் பெரிதாக்க, முதல் பக்கத்தைச் சுருக்க

அப்பத்தா, பொங்கலுக்கு வந்தபோது உங்கள் சாம்சங் போனை ஐந்து நிமிடத்தில் சரி பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனேன். மாசி பிறப்பதற்குள் சின்னவன் அதை வாங்கி விளையாடி, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று அத்தை சொன்னாள். தப்பு என்மேல்தான். செய்து கொடுத்தேனே தவிர, எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால் இந்தத் தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து அனுப்புகிறேன். சார்ஜர் வைக்கிற அலமாரியில் காலண்டர் அட்டைக்குப் பின்னால் செருகி வையுங்கள். ஒரே நாளில் எல்லாம் செய்ய வேண்டாம். மத்தியானம் சாப்பிட்டு முடித்து, வெளிச்சம் இருக்கிற திண்ணையில் உட்கார்ந்து ஒன்றை மட்டும் செய்யுங்கள்.

முதலில் ஒரு தைரியம். இந்தத் தாளில் இருக்கிற எதைத் தொட்டாலும் போன் கெட்டுப்போகாது, காசு போகாது, போட்டோ அழியாது. தெரியாத இடத்துக்குப் போய்விட்டால், திரையின் கீழ் விளிம்பில் மூன்று குறிகள் இருக்கும், அதைப் பாருங்கள். நடுவில் இருக்கிற சதுரத்தைத் தொட்டால் முதல் பக்கத்துக்கு வந்துவிடுவீர்கள். வலது ஓரத்தில் இருக்கிற அம்புக்குறி ஒரு படி பின்னால் கொண்டுபோகும். வழி தவறினால் சதுரம். அவ்வளவுதான்.

விரல் விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்கள் நகத்தால் தட்டுகிறீர்கள், நான் பார்த்திருக்கிறேன். போனுக்கு நகம் தெரியாது, தோல்தான் தெரியும். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி, விரலின் சதைப்பகுதியால் தொட்டு உடனே எடுத்துவிட வேண்டும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் போன் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டு, கேட்காத பெட்டியை எல்லாம் திறக்கும். வயலிலிருந்து வந்து விரல் வறண்டிருந்தால் சில நேரம் தொடுவதே தெரியாது. கை கழுவித் துடைத்த பிறகு தொட்டுப் பாருங்கள். முந்தானையில் கொஞ்சம் ஈரம் தொட்டு விரலில் தடவிக்கொண்டாலும் சரிதான்.

சரி, வேலைக்கு வருவோம். எல்லாமே ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பெயர் Settings, செட்டிங்ஸ். பல்சக்கரம் மாதிரி படம் போட்டிருக்கும். நம்ம ஊர் ரைஸ் மில்லில் சுற்றுமே, அந்தச் சக்கரம்தான். முதல் பக்கத்தில் அது கண்ணில் படவில்லை என்றால், திரையின் மேல் விளிம்பில் விரல் வைத்துக் கீழே இழுங்கள், இன்னொரு முறையும் இழுங்கள். மேலே வலது மூலையில் அந்தச் சக்கரம் வந்து நிற்கும். தொடுங்கள்.

நீளமாக ஒரு பட்டியல் வரும். அத்தனையும் வாசிக்க வேண்டாம். விரலால் மெல்ல மேல்பக்கம் தள்ளிக்கொண்டே போய் Display என்ற வார்த்தையைத் தேடுங்கள். டிஸ்ப்ளே. ஆங்கிலம் வாசிக்க வராது என்று சொல்லாதீர்கள். பஸ் முன்னால் இருக்கிற போர்டைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடிக்கிற ஆள் நீங்கள். இந்தத் தாளில் இருக்கிற எழுத்தும் திரையில் இருக்கிற எழுத்தும் ஒரே உருவமா என்று பார்த்தால் போதும்.

போனையே தமிழுக்கு மாற்றவும் வழி உண்டு. நான்தான் மாற்றவில்லை. நீங்கள் கூப்பிட்டால் ஓடிவருகிற பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இங்கிலீஷில் இருந்தால்தான் எது எங்கே என்று தெரிகிறது. தமிழில்தான் வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள், அடுத்த முறை வரும்போது செய்துவிடலாம்.

முதல் பக்கத்தை எளிதாக்குவது

எழுத்துக்கு முன்னால் இதைச் செய்யுங்கள். வீட்டைப் பெருக்கிவிட்டுத்தானே கோலம் போடுவோம்.

Settings → Display → Easy mode

டிஸ்ப்ளே பக்கத்தில் கொஞ்சம் தள்ளினால் Easy mode, ஈசி மோடு என்று வரும். தொட்டு உள்ளே போனால் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அதைத் தொட்டதும் நிறம் மாறி நீலமாகும். நீலமானால் போட்டாயிற்று என்று அர்த்தம். நடுச் சதுரத்தைத் தொட்டு முதல் பக்கத்துக்கு வாருங்கள். படங்கள் எல்லாம் பெரிதாக, எண்ணிக்கை குறைவாக இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு ஒன்று. சாதாரணமாக ஒரு படத்தில் விரல் கொஞ்சம் அதிக நேரம் பட்டாலே Remove, Uninstall என்று பெட்டி வந்து பயமுறுத்தும். ஈசி மோடில் அப்படி வர இன்னும் கூடுதல் நேரம் அழுத்த வேண்டும். கை லேசாக நடுங்கினாலும் அந்தப் பெட்டி சட்டென்று திறக்காது. அப்படியும் அந்தப் பெட்டி வந்துவிட்டால் பதறாதீர்கள், அம்புக்குறியைத் தொட்டால் மறைந்துவிடும். Uninstall என்பதை மட்டும் தொடாதீர்கள், அது அந்த ஆப்பையே போனிலிருந்து எடுத்துவிடும். Remove தொட்டால் முதல் பக்கத்திலிருந்து மட்டும்தான் போகும், ஆப் உள்ளேயே இருக்கும்.

பிடிக்கவில்லை என்றால் அதே சுவிட்சை மறுபடி தொடுங்கள், பழையபடி ஆகிவிடும். சின்னவன் போன மாதம் செய்த வேலையும் இதுதான். போனை அவன் உடைக்கவில்லை, சுவிட்சை அணைத்துவிட்டான்.

முதல் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கொஞ்சம் சண்டை உண்டு. என் கணக்கில் ஐந்து போதும்: போன், வாட்ஸப், கேமரா, போட்டோ, யூடியூப். நீங்கள் பஞ்சாங்கமும் வேண்டும் என்றீர்கள். சரி, ஆறு. சின்னவன் ஏற்றி வைத்த விளையாட்டுகளை அவன் முன்னாலேயே எடுக்கச் சொல்லுங்கள், அவனுக்கு வழி தெரியும்.

எழுத்தைப் பெரிதாக்குவது

Settings → Display → Font size and style

உள்ளே போனால் மேலே கொஞ்சம் எழுத்து மாதிரிக்குக் காட்டும். கீழே ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு உருண்டை. உருண்டையை வலப்பக்கம் தள்ளத் தள்ள மேலே இருக்கிற எழுத்து வளரும். கண்ணாடி போடாமல், போனைச் சோறு சாப்பிடுகிற தட்டு தூரத்தில் வைத்துப் பாருங்கள். வாசிக்க வருகிறதா? அங்கே நிறுத்துங்கள்.

கடைசி வரைக்கும் தள்ள வேண்டாம் என்பது என் யோசனை. அத்தையின் போனில் அப்படி வைத்தோம். எழுத்து யானை மாதிரி ஆனது, ஆனால் ஒரு பக்கத்தில் நாலு வரிதான் நின்றது. சில இடங்களில் ‘சரி’ என்று தொட வேண்டிய பொத்தானே திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொண்டது. கடைசிக்கு ஒரு படி முன்னால் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஏதாவது பக்கத்தில் பொத்தான் காணவில்லை என்றால் மேல்பக்கம் தள்ளிப் பாருங்கள், கீழே இருக்கும்.

அதே பக்கத்தில் Bold font என்று ஒரு சுவிட்ச் உண்டு. எழுத்தைத் தடிமனாக்கும். கண் ஆபரேஷன் ஆன பிறகு உங்களுக்கு எழுத்து வெளிறித் தெரிகிறது என்றீர்களே, அதற்கு எழுத்தின் அளவைவிட இந்தத் தடிமன்தான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன். போட்டுவிடுங்கள்.

எழுத்து மட்டுமல்லாமல் படம், பொத்தான் எல்லாமே சேர்ந்து பெரிதாக வேண்டும் என்றால், டிஸ்ப்ளே பக்கத்திலேயே Screen zoom இருக்கிறது. அதிலும் அதே மாதிரி கோடும் உருண்டையும்தான். ஒரு படி தள்ளினால் போதும்.

வாட்ஸப்புக்குத் தனியாக ஒன்று உண்டு. வாட்ஸப்பைத் திறந்து, மேலே வலது மூலையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிற மூன்று புள்ளிகளைத் தொடுங்கள்.

Settings → Chats → Font size → Large

சொந்தக்காரர்கள் அனுப்புகிற செய்திகள் எல்லாம் பெரிதாக வரும். ஆனால் பத்திரிகைத் துண்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி போட்டோவாக வருவது இதனால் பெரிதாகாது. போட்டோவைத் திறந்து, இரண்டு விரலையும் சேர்த்து வைத்து, கண் இமையைப் பிரிக்கிற மாதிரி விரியுங்கள். படம் விரியும். இதே வித்தையை மாத்திரை அட்டைக்கும் பயன்படுத்தலாம். பின்னால் பொடி எழுத்தில் இருக்கிற தேதியைக் கேமராவில் போட்டோ எடுத்து விரித்துப் பாருங்கள். மருந்துக் கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம்

பாதி வாசிக்கும்போதே திரை அணைந்துவிடுகிறது என்பீர்கள். டிஸ்ப்ளே பக்கத்தில் Screen timeout தொட்டு 2 minutes என்பதைத் தேர்ந்தெடுங்கள். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும், பரவாயில்லை, ராத்திரி சார்ஜ் போடத்தானே போகிறீர்கள்.

வெள்ளைத் திரை கண்ணைக் கூசினால் டிஸ்ப்ளே பக்கத்தின் உச்சியில் Light, Dark என்று இரண்டு இருக்கும். Dark தொட்டால் கறுப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதின மாதிரி மாறும். சிலருக்கு இதில் எழுத்து இன்னும் மங்கும். இரண்டையும் பார்த்து, கண்ணுக்கு எது இதமோ அதை வையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இது எல்லாமே போனுக்குள்ளேயே இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கப் புதிதாக எந்த ஆப்பும் வேண்டாம். யாராவது போன் பண்ணி, ‘உங்கள் போனைச் சரி பண்ணித் தருகிறேன், நான் சொல்கிற ஆப்பை ஏற்றுங்கள், வந்திருக்கிற நம்பரைச் சொல்லுங்கள்’ என்றால், ‘என் பேத்தி வந்து பார்ப்பாள்’ என்று சொல்லி வைத்துவிடுங்கள். எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சரி.

ஏதாவது பெயர் சொன்ன இடத்தில் இல்லை என்றால், செட்டிங்ஸ் பக்கத்தின் மேலே பூதக்கண்ணாடி மாதிரி ஒரு படம் இருக்கும். அதைத் தொட்டு Font என்று நான்கு எழுத்து அடித்தால் அதுவே கொண்டுபோய் விடும். போன் அவ்வப்போது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது சாமான்களை இடம் மாற்றி வைக்கிற பழக்கம் அதற்கு உண்டு, சித்தி வந்துபோன பிறகு நம்ம அடுப்படி இருக்கிற மாதிரி.

நேற்று உங்களுக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன். அத்தையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கியதும் நீங்களே திறந்து பாருங்கள். அதில் ஒரு கேள்வி இருக்கிறது. பதிலை எழுத வேண்டாம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் பேத்தி
மீனா