அரையாண்டுப் பணி மதிப்பாய்வு: மெர்ச்சண்டைசர் கார்த்திகேயனுடன் தனிச் சந்திப்பு

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், மெர்ச்சண்டைசிங் பிரிவு. 8 அக்டோபர் 2025, காலை 10:15. மதிப்பாய்வுக் காலம்: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. பேசியவர்கள்: பிரிவு மேலாளர், கார்த்திகேயன். இருவரும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட உரையாடல் பதிவு.

மேலாளர்: உட்காருங்க கார்த்தி. கதவைச் சாத்திவிடுங்கள். ஃபோனை நானும் சைலன்டில் போட்டுவிட்டேன். பாப்பா எப்படி இருக்கிறாள்?

கார்த்திகேயன்: நல்லா இருக்கிறாங்க மேடம். ராத்திரிதான் தூங்க விடுவதில்லை.

மேலாளர்: முதல் ஆறு மாதம் அப்படித்தான். காபி சொல்லட்டுங்களா?

கார்த்திகேயன்: வேண்டாமுங்க, இப்போதுதான் குடித்தேன்.

மேலாளர்: சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன். இந்த அரையாண்டில் உங்கள் வேலை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. மதிப்பீட்டுத் தாளிலும் ‘எதிர்பார்ப்புக்குக் கீழே’ என்றுதான் எழுதியிருக்கிறேன். கடைசியில் எடுத்துச் சொல்லி உங்களைத் திகைக்க வைக்க வேண்டாம் என்றுதான் முதலிலேயே சொல்கிறேன். ஏன் அப்படி எழுதினேன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். தப்பாக இருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்லுங்கள்.

கார்த்திகேயன்: சரிங்க மேடம். கொஞ்சம் எதிர்பார்த்தேன்தான். ஆனால் ‘கீழே’ என்று வரும் என்று நினைக்கவில்லை.

மேலாளர்: உங்கள் கையில் இருந்தது பன்னிரண்டு ஆர்டர். ஆகஸ்டில் நீங்கள் மனைவியின் பிரசவத்துக்காக லீவில் இருந்தபோது வேறு ஆட்கள் பார்த்த மூன்றையும் எடுத்துவிட்டேன். அந்தக் கணக்கை உங்கள் தலையில் ஏற்றுவது நியாயமில்லை. மீதி ஒன்பதில் சொன்ன தேதிக்கு ஷிப்மென்ட் போனது நான்கு. போன அரையாண்டில் பத்துக்கு எட்டு போனது. அதனால் உங்களுக்கு வேலை தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. தெரிந்தவர் கையில் ஏன் இப்படி ஆனது என்பதுதான் என் கேள்வி.

கார்த்திகேயன்: மேடம், இந்த சீசன் யாருக்குமே சரியில்லையே. அமெரிக்காவில் 50 சதவீத வரி போட்டதிலிருந்து ஊரே ஆடிப்போய்க் கிடக்கிறது. துணிக்குச் சாயம் போடும் டையிங் யூனிட்டில் தேதியே கிடைப்பதில்லை.

மேலாளர்: அந்த வரி வந்தது ஆகஸ்ட் கடைசியில். உங்கள் பையர் ஜெர்மனியும் ஸ்பெயினும். தாமதமான ஐந்து ஆர்டரில் நான்கு ஜூலைக்குள் போக வேண்டியவை. அதனால் வரியை இதில் சேர்க்க முடியாது கார்த்தி. டையிங் விஷயம் வேறு, அதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே டையிங் யூனிட்டில்தான் பக்கத்து டேபிள் ஆர்டரும் போகிறது. அது தேதிக்கு வந்துவிட்டது.

கார்த்திகேயன்: (சற்று நேரம் பேசவில்லை) சரிங்க.

மேலாளர்: ஐந்தையும் கிளற வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மற்றதெல்லாம் அதன் சாயல்தான். ஜெர்மன் பையரின் குழந்தைகள் பைஜாமா செட், 24,000 பீஸ், ஜூலை 10 ஷிப்மென்ட். நேவி கலர் சாயம் சரிதானா என்று பையர் பார்க்க, லேப் டிப் மாதிரித் துணி ஏப்ரல் 28 அன்று போனது. மே 9 அன்று ரிஜெக்ட் ஆகி வந்தது. அது பையரின் கண், நாம் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது டிப் போனது மே 20. நடுவில் பதினொரு நாள். லேப்பில் மூன்று நான்கு நாளில் போட்டுத் தருவார்களே?

கார்த்திகேயன்: அங்கேதான் மேடம் ஒரு திருத்தம். லேப்பிலிருந்து மே 14 அன்றே டிப் வந்துவிட்டது. அன்றைக்கே பையரின் பையிங் ஆபீஸில் கொடுத்தேன். அவர்கள்தான் 20 வரை அனுப்பாமல் வைத்திருந்தார்கள். இதோ, கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கிய சலான்.

மேலாளர்: காட்டுங்கள். ஆமாம், 14 என்றுதான் இருக்கிறது. நல்லது, தாளில் மாற்றிவிடுகிறேன். பதினொரு நாள் உங்கள் பக்கம் இல்லை, ஐந்து நாள்தான். சரி, அந்த ஆறு நாளில் பையிங் ஆபீஸுக்கு ஃபோன் செய்தீர்களா?

கார்த்திகேயன்: மெயில் போட்டேன். இரண்டு முறை.

மேலாளர்: பையிங் ஆபீஸ் அவினாசி ரோட்டில் இருக்கிறது. பைக்கில் கால் மணி நேரம். நம் ஊரில் மெயிலுக்குப் பதில் வராத வேலை நேரில் போய் நின்றால் நடந்துவிடும், அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். போகட்டும், அதுவும் பெரிய விஷயம் இல்லை. எனக்கு உறுத்துவது அடுத்தது. மே 26 அன்று அப்ரூவல் வந்தது. அதற்குள் டையிங்கில் நமக்கு வைத்திருந்த இடம் போய்விட்டது. துணி ஜூன் மூன்றாவது வாரம்தான் கிடைக்கும் என்று டையிங்காரர் உங்களிடம் எப்போது சொன்னார்?

கார்த்திகேயன்: ஜூன் 2.

மேலாளர்: புரொடக்ஷனில் அது எப்போது தெரிந்தது?

கார்த்திகேயன்: 17-ஆம் தேதி மீட்டிங்கில்.

மேலாளர்: அந்தப் பதினைந்து நாள்தான் கார்த்தி நான் பேச வந்தது. துணி ஜூன் 5 அன்று வரும் என்று நம்பி கட்டிங் மாஸ்டர் டேபிளைக் காலியாக வைத்திருந்தார். இரண்டு லைன் நான்கு நாள் சும்மா நின்றது. ஜூன் 2 அன்றே தெரிந்திருந்தால் வேறு ஸ்டைலை முன்னால் இழுத்திருப்பார்கள். நான் பையரிடம் ஒரு வாரம் கேட்டிருப்பேன். ஜூன் தொடக்கத்தில் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், ஜூலையில் கேட்டால் கோபப்படுவார்கள். கடைசியில் 9,000 செட் தூத்துக்குடி வழியாகக் கப்பலில் போகாமல் விமானத்தில் போனது. 7,40,000 ரூபாய். அந்த ஆர்டரில் நமக்கு வந்திருக்க வேண்டிய லாபத்துக்கு மேலேயே போய்விட்டது.

கார்த்திகேயன்: சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன் மேடம். வேறு டையிங்கில் கேட்டுக்கொண்டிருந்தேன். மங்கலத்தில் ஒருவர் தருகிறேன், தருகிறேன் என்றே நாளைக் கடத்திவிட்டார். ஏதாவது வழி கிடைத்த பிறகு உங்களிடம் வரலாம் என்று இருந்தேன்.

மேலாளர்: நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை என்பது தெரியும். ஆனால் தனியாகவே சுமந்திருக்கிறீர்கள். மற்ற நான்கு தாமதத்திலும் இதேதான். பிரச்சினை தெரிந்த நாளுக்கும் எங்களுக்குச் சொன்ன நாளுக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரம் இருக்கிறது. டையிங் தாமதமானதற்கு உங்கள் மதிப்பீட்டைக் குறைக்கவில்லை. சொல்லாமல் இருந்ததற்குத்தான் குறைத்திருக்கிறேன். இந்த வித்தியாசம் உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?

கார்த்திகேயன்: படுகிறதுங்க. ஒன்று சொல்லட்டுமா மேடம்?

மேலாளர்: சொல்லுங்கள்.

கார்த்திகேயன்: முன்பெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். மார்ச்சில் ஸ்பெயின் பையரையும் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு காலையில் எந்த ஃபைலைத் திறப்பது என்றே தெரியவில்லை. புரொடக்ஷன் மீட்டிங்கில் தாமதம் என்று வாயைத் திறந்தால் எல்லோர் முன்னாலும் சத்தம் விழுகிறது. அதற்குப் பயந்தே இரண்டு நாள் தள்ளுவேன். இரண்டு நாள் பத்து நாளாகிவிடும்.

மேலாளர்: இது முக்கியம். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. மீட்டிங்கில் சத்தம் விழுவதை நான் புரொடக்ஷன் மேனேஜரிடம் பேசுகிறேன், அது என் வேலை. ஆனால் மீட்டிங் வரைக்கும் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை கார்த்தி, என் அறைக்கு வந்து சொன்னால் போதும். ஸ்பெயின் பையரை ஜனவரி கடைசி வரை வேறொருவரிடம் கொடுக்கிறேன். இதை தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் மூச்சு விட இடம் வேண்டும்.

கார்த்திகேயன்: மற்றவர்கள் அப்படிப் பார்ப்பார்களே மேடம்.

மேலாளர்: சிலர் பார்ப்பார்கள்தான். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். கேட்டால் ‘லோடு பிரித்திருக்கிறோம்’ என்று மட்டும் சொல்வேன், இங்கே பேசிய வேறெதுவும் என்னிடமிருந்து வெளியே போகாது.

இன்னொன்று, இதையும் தாளில் எழுதியிருக்கிறேன். செப்டம்பரில் 180 ஜி.எஸ்.எம். எடை கேட்ட துணி காம்பேக்டிங் முடிந்து 165-க்கு வந்ததே, அதை வெட்டுவதற்கு முன்பே பிடித்தீர்கள். டேபிளில் விரித்த பிறகு தெரிந்திருந்தால் அந்த முழு லாட்டும் நம் தலையில் விழுந்திருக்கும். அன்றைக்கு அரை மணி நேரத்தில் என்னிடம் வந்து நின்றீர்கள். அப்படி வந்து நிற்க உங்களால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

கார்த்திகேயன்: அது துணி கையிலேயே தெரிந்துவிட்டதுங்க.

மேலாளர்: சரி. இன்கிரிமென்ட் விஷயம். இந்த அக்டோபரில் உங்களுக்கு இல்லை. அமெரிக்க ஆர்டர் குறைந்ததால் கம்பெனிக்கே கையைக் கடிக்கிறது என்று உங்களிடம் சாக்கு சொல்ல விரும்பவில்லை. ‘எதிர்பார்ப்புக்குக் கீழே’ என்று எழுதினால் இன்கிரிமென்ட் கிடையாது என்பது விதி. இப்போது வாங்கும் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம். தீபாவளி போனஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, நோம்பிக்கு முன்பே எல்லோருக்கும் போல உங்களுக்கும் வந்துவிடும்.

கார்த்திகேயன்: (தயங்கி) வேலைக்கு ஆபத்து இருக்கிறதா மேடம்? நேராகவே கேட்கிறேன். வீட்டில் இப்போது செலவு அப்படி.

மேலாளர்: கேட்க வேண்டிய கேள்விதான். இன்றைக்கு இல்லை. ஜனவரி 30 அன்று மறுபடி உட்காருவோம். அப்போதும் இதே நிலை என்றால் பையரை நேரடியாகக் கையாளும் இந்த இடத்தில் உங்களை வைத்திருக்க முடியாது. சாம்ப்ளிங் பக்கம் மாற்றுவதைப் பற்றிப் பேச வேண்டிவரும். எது முடிவானாலும் முதலில் உங்களிடம்தான் சொல்வேன். வேறு வாயிலிருந்து நீங்கள் கேள்விப்பட மாட்டீர்கள்.

கார்த்திகேயன்: சரிங்க. என்ன செய்தால் நிலை மாறியது என்று எடுத்துக்கொள்வீர்கள்?

மேலாளர்: நவம்பர் முதல் ஜனவரி வரை உங்களுக்கு ஆறு ஷிப்மென்ட். ஐந்து தேதிக்குப் போக வேண்டும். அதைவிட முக்கியம், ஒவ்வொரு வேலைக்கும் தேதி போட்டிருக்கும் டி அண்ட் ஏ ஷீட்டில் எந்தத் தேதி இரண்டு நாள் தள்ளினாலும் அன்றைக்கே எனக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் தெரிய வேண்டும். நேரில் அல்லது ஃபோனில். வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன் என்பது கணக்கில் வராது. தீர்வோடு வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம், பிரச்சினையை மட்டும் கொண்டுவாருங்கள். திங்களும் வியாழனும் காலை 9:30-க்குப் பத்து நிமிடம் நாம் இருவரும் ஷீட்டைப் பார்ப்போம்.

கார்த்திகேயன்: ஒன்று கேட்கலாமா? தீபாவளிக்கு ஊருக்குப் போகும் பீகார், ஒடிசா ஆட்கள் திரும்பி வர நவம்பர் நடு ஆகிவிடும். நவம்பர் 20 ஷிப்மென்ட் அந்த ஆறில் இருக்கிறது. டைலர் இல்லாமல் தாமதமானால் அதுவும் என் கணக்கா?

மேலாளர்: ஆட்கள் இல்லாதது உங்கள் கணக்கு இல்லை. ஆனால் துணி அதற்கு முன்பே இங்கே இருந்தாக வேண்டும், அது உங்கள் கணக்கு. தாளில் அப்படியே எழுதிக்கொள்வோம். அந்தத் துணி இப்போது எங்கே இருக்கிறது?

கார்த்திகேயன்: நிட்டிங் முடிந்தது. டையிங்குக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டியது. நூல் லாட் மாறியதால் செவ்வாய் ஆகலாம் என்று நேற்று சொன்னார்கள்.

மேலாளர்: பார்த்தீர்களா, இப்போதே நான்கு நாள் தள்ளுகிறது. கட்டிங் மாஸ்டரிடம் சொல்லிவிட்டீர்களா?

கார்த்திகேயன்: இன்னும் இல்லைங்க. இங்கிருந்து நேராக அவரிடம்தான் போகிறேன்.

மேலாளர்: போங்கள். தாளில் நீங்கள் ஒத்துக்கொள்ளாத இடம் எதுவும் இருந்தால் கீழே உங்கள் வார்த்தையில் எழுதிவிட்டு நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கையெழுத்துப் போட்டால் படித்தேன் என்று அர்த்தம், எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன் என்று இல்லை. மே 14 திருத்தத்தை இன்று மதியத்துக்குள் போட்டு அனுப்புகிறேன். ஸ்பெயின் ஃபைல்களை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்துவிடுங்கள். முதல் பத்து நிமிடம் வரும் திங்கள், 13-ஆம் தேதி.