அம்மாவின் ஃபோனுக்கு இரண்டு தாள்

முதல் தாள்: நான் மாற்றி வைத்தவை

அம்மா, ஆடிக்கு வந்தபோது உன் ஃபோனில் சிலவற்றை மாற்றிவிட்டேன். பூனாவிலிருந்து சின்னவன் ஃபோனிலேயே வழி சொல்லும்போது அவன் திரையும் உன் திரையும் ஒன்றாக இருக்கட்டும் என்று பெயர்களை ஆங்கிலத்திலேயே விட்டிருக்கிறேன். அர்த்தம் இங்கே எழுதியிருக்கிறேன். இதை நீ தினமும் பார்க்க வேண்டாம். யாராவது கை வைத்து மாற்றிவிட்டால் இந்தத் தாளைக் காட்டி, பழையபடி வைத்துத் தரச் சொல். எல்லாம் பல்சக்கரப் படத்துக்குள் இருக்கிறது. அதன் பெயர் Settings.

Font size: எழுத்தின் அளவு. கடைசி அளவுக்கு ஒரு படி குறைவாக வைத்திருக்கிறேன். கடைசிக்கே போனால் வரி மடிந்து மடிந்து பாதிப் பெயர்தான் தெரிகிறது.

Display size: படங்கள், பொத்தான்களின் அளவு. ஒரு படி கூட்டியிருக்கிறேன்.

Bold text: தடித்த எழுத்து. போட்டாயிற்று.

Touch and hold delay: விரலை எவ்வளவு நேரம் வைத்திருந்தால் 'அழுத்திப் பிடிக்கிறார்' என்று ஃபோன் நினைக்கும் என்பது. இதுதான் முக்கியம். நீ அழுத்தமாக, நிதானமாகத் தொடுவாய். உடனே ஃபோன் வேறு எதையோ திறந்து 'நீக்கவா' என்று கேட்கும். உன்மேல் தப்பில்லை, அதற்குத்தான் அவசரம். இப்போது Long என்று வைத்திருக்கிறேன், இனி பொறுத்துக்கொள்ளும்.

Flash notifications: அழைப்பு வந்தால் பின்பக்க விளக்கு மின்னும். கொல்லையில் புளி தட்டும்போது மணி காதில் விழாவிட்டாலும் கண்ணில் படும். ஃபோனைக் குப்புற வை.

Screen timeout: திரை தானாக அணையும் நேரம். 5 நிமிடம்.

TalkBack: இதை நான் போடவில்லை. கண் அறவே தெரியாதவர்களுக்கு ஃபோன் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும் வசதி. பக்கவாட்டில் சத்தம் கூட்டும், குறைக்கும் பொத்தான்களைச் சேர்த்துப் பிடித்தால் சில நேரம் தானே வந்துவிடும். தொட்டதையெல்லாம் பேசும், ஒரு தடவை தொட்டால் எதுவும் திறக்காது. பயப்படாதே. அதே இரண்டையும் சேர்த்து மூன்று நொடி பிடி, போய்விடும்.

இரண்டாம் தாள்: டிவிக்குப் பக்கத்தில் ஒட்ட

வீடியோவில் கூப்பிட

1. திண்ணைக்கு வா.
வீட்டுக்குள் சிக்னல் இல்லை.
வெளிச்சம் உன் முகத்தில் விழட்டும்.

2. வாட்ஸ்அப், அந்தப் பச்சைப் படத்தைத் தொடு.
உள்ளே ஃபோன் படம் இருக்கும்.

3. மேலே மூன்று பெயர்:
பெரியவள்
சின்னவன்
பாலக்கோடு சித்தப்பா
வேண்டிய பெயரைத் தொடு.

4. மேலே, வலது பக்கம்,
வீடியோ கேமரா படம். அதைத் தொடு.
கீழே எழுதும் இடத்தில் இருக்கும் கேமரா வேண்டாம்.
அது ஃபோட்டோ எடுக்க.

5. கேள்வி ஏதாவது வந்தால்
வலது பக்கம் இருப்பதைத் தொடு.

6. காத்திரு. மணி அடிக்கும்.
ஃபோனைக் காதில் வைக்காதே.
முகத்துக்கு நேரே, ஒரு முழம் தள்ளிப் பிடி.

பேசி முடித்ததும்

7. சிவப்பு வட்டத்தைத் தொடு.
வட்டம் தெரியவில்லையா?
திரையை ஒரு தடவை தொடு, வரும்.

எங்களிடமிருந்து வந்தால்

பச்சைப் பொத்தானை மேலே தள்ளு.
ஃபோன் திறந்தே இருந்தால்
மேலே ஒரு பட்டை வரும்.
அதில் Answer என்பதைத் தொடு.

இப்படி ஆனால்

உன் முகத்துக்குப் பதில் சுவர் தெரிகிறதா?
சுற்றும் அம்பு போட்ட கேமராவைத் தொடு.

நாங்கள் 'கேட்கவில்லை' என்கிறோமா?
மைக் படத்தில் குறுக்குக் கோடு இருக்கும்.
அதைத் தொடு.

படம் நின்றுவிட்டதா? Reconnecting என்று வருகிறதா?
சும்மா இரு. தானே வரும்.
வராவிட்டால் சிவப்பு. நான் திரும்பக் கூப்பிடுகிறேன்.

தெரியாத நம்பர் வீடியோவில் வந்தால்

எடுக்காதே.
காக்கிச் சட்டை தெரிந்தாலும் வை.
வீடியோவில் கைது செய்ய
எந்தப் போலீசுக்கும் சட்டம் இல்லை.
ஓடிபி கேட்டால் சொல்லாதே.
திரையைக் காட்டச் சொன்னால் காட்டாதே.
பணம் போய்விட்டால் உடனே 1930.
பிறகு எனக்கு.

ஞாயிறு காலை, டிபன் முடிந்ததும் நானே கூப்பிடுவேன்.
அதற்கு முன் சார்ஜ் போட்டு வை.