ரத்து செய்த சந்தாவுக்கு மீண்டும் பிடித்த தொகையைத் திருப்பித் தரக் கோரி

பெறுநர்
கடன் அட்டைப் பரிவர்த்தனைத் தகராறுப் பிரிவு

நாள்: 24 மார்ச் 2025

பொருள்: 4417 என முடியும் அட்டையில் 18 மார்ச் 2025 அன்று பற்று வைக்கப்பட்ட 1,499.00

ஐயா / அம்மையீர்,

இணையவழி நூலகம் ஒன்றின் ஆண்டுச் சந்தாவுக்காக மேற்கண்ட தொகை என் அட்டையில் எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சந்தாவை 2 மார்ச் அன்றே, அதாவது புதுப்பிக்கும் நாளுக்குப் பதினாறு நாள் முன்பே, நான் ரத்து செய்துவிட்டேன். ஆகவே இந்தத் தொகையை ஏற்க மறுக்கிறேன்.

அன்று இரவு 9.14 மணிக்கு அந்த நிறுவனம் அனுப்பிய உறுதி மின்னஞ்சல் இணைப்பு 1. ரத்து எண் அதில் இருக்கிறது. “17 மார்ச்சுக்குப் பிறகு கட்டணம் எதுவும் எடுக்கப்படாது” என்ற வரியும் இருக்கிறது. மறுநாள்தான் பணம் எடுத்திருக்கிறார்கள். என் கணக்குப் பக்கத்தில் “ரத்து செய்யப்பட்டது” என்று காட்டும் ஸ்கிரீன்ஷாட் இணைப்பு 2. அதை 3 மார்ச் அன்று எடுத்து வைத்தேன். அட்டை அறிக்கையின் அந்தப் பக்கம் இணைப்பு 3.

முதலில் அவர்களிடமே முறையிட்டேன். புதுப்பிக்க 24 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருக்க வேண்டும் என்று 20 மார்ச் அன்று பதில் வந்தது. தங்கள் உறுதி மின்னஞ்சலின் தேதியைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. அதைச் சுட்டிக்காட்டி மீண்டும் எழுதியதற்கு இதுவரை பதில் இல்லை. இக்கடிதப் போக்குவரத்து முழுவதும் இணைப்பு 4.

ஒன்றை வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். இதை அட்டை மோசடியாகப் பதிவு செய்ய வேண்டாம். முந்தைய ஆண்டின் கட்டணத்துக்கு நானே சம்மதித்தேன்; அதை மறைக்க எனக்குக் காரணமில்லை. மோசடி என்று பதிவானால், பழைய சம்மதத்தைக் காட்டியே அவர்கள் தப்பிவிட இடமுண்டு. இது ரத்துக்குப் பிறகும் தொடர்ந்த தொடர் கட்டணம். உங்கள் அட்டை விசா வகையைச் சேர்ந்தது என்பதால், அதன் விதிகளில் 13.2 என்ற காரணக் குறியீடே இதற்குப் பொருந்தும். அதன்கீழ் சார்ஜ்பேக் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விசாரணை முடியும்வரை இந்த 1,499.00-க்கு வட்டியோ தாமதக் கட்டணமோ சேர்க்காமலும், இதை நிலுவையாகக் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்காமலும் இருக்க வேண்டுகிறேன். அறிக்கையின் மீதித் தொகையைக் கெடு நாளான 12 ஏப்ரலுக்குள் முழுமையாகச் செலுத்துகிறேன்.

அந்த நிறுவனம் இனி என் அட்டையிலிருந்து பணம் எடுக்காதபடி, அதற்கு நான் கொடுத்திருந்த தொடர் கட்டண அனுமதியையும் நீக்கிவிடுங்கள். அட்டையை மாற்றித் தருவது இதற்குப் போதாது: புதிய அட்டை எண் தானாகவே வணிகரிடம் போய்ச் சேரும் வசதி இருப்பதால், தடை அந்த நிறுவனத்தின் பெயரிலேயே விழ வேண்டும்.

புகார் எண்ணையும், அடுத்த பதிலுக்கான தேதியையும் உங்களிடம் பதிவாகியுள்ள என் மின்னஞ்சலுக்கு எழுத்து மூலம் அனுப்புங்கள். அசல் மின்னஞ்சல்கள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் உடனே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
4417 என முடியும் அட்டையின் உரிமையாளர்

இணைப்புகள்: 4