எல்லோர் காதிலும் விழுகிற வாக்குறுதி

நம் வாசகர் வட்டத்தின் இந்த மாத விவாதத்துக்குத் தந்திருக்கும் தலைப்பு: ‘கட்சி ஒரு பிராண்ட், வாக்காளர் ஒரு வாடிக்கையாளர்’. பேச வருகிறவர்களில் பாதிப்பேராவது கலர் டிவியையும் மிக்ஸியையும் எடுத்துக்காட்டி, தமிழ்நாட்டு அரசியல் கடைச்சரக்காகிவிட்டது என்பார்கள் என்று எதிர்பார்க்கிறேன். அவர்கள் பிடித்திருப்பது தவறான ஆளை என்பது என் தரப்பு. பிரச்சாரம் சந்தை வழிக்குப் போய்விட்டது உண்மை. ஆனால் அதன் கேடு இலவசப் பொருள்களில் இல்லை. வாக்காளரைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறிடமும் மற்றவர் காதில் விழாதபடி பேசுவதில்தான் இருக்கிறது.

முதலில் பிராண்ட். சின்னம் என்ற ஏற்பாடே எழுத்தறியாத மக்களும் வாக்களிக்க வேண்டும் என்பதற்காக முதல் பொதுத் தேர்தலில் வந்தது. பிறகு அது கட்சியின் சொத்தாகிவிட்டது. எம்.ஜி.ஆர். மறைந்தபின் இரட்டை இலை முடக்கப்பட்டு, 1989 ஜனவரியில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. வென்றது திமுக. அணிகள் இணைந்து இலை திரும்பி வந்த அதே ஆண்டின் இறுதியில் நடந்த மக்களவைத் தேர்தலில், காங்கிரசோடு சேர்ந்த அதிமுக கூட்டணி 39ல் 38 இடங்களைப் பிடித்தது. சின்னத்துக்கு அவ்வளவு வலுவா என்று கேட்டால், 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் வேறு பதில் சொன்னது. இலையை மீட்டெடுத்த ஆளுங்கட்சி, குக்கர் சின்னத்தில் நின்ற சுயேச்சை வேட்பாளர் தினகரனிடம் தோற்றது. 2004ல் ‘ஒளிரும் இந்தியா’ விளம்பரம் நாடு முழுக்க ஓடியும் வாஜ்பாய் அரசு கவிழ்ந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளம்பரம் மட்டுமே ஓட்டு வாங்கித் தருகிறது என்று நம்புவது, வாக்களிக்கிற மனிதரைக் குறைத்து மதிப்பிடுவது.

ஆலோசகர்களைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. நான் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பிரசாந்த் கிஷோர் 2014ல் மோடிக்கும், அடுத்த ஆண்டே பீகாரில் அவரை எதிர்த்த நிதீஷ்குமார் - லாலு கூட்டணிக்கும் வேலை செய்தார். 2021ல் அவரது ஐபேக் நிறுவனம் திமுகவுக்கும் மம்தாவுக்கும் பணியாற்றியது. விளம்பர நிறுவனம் வாடிக்கையாளரை மாற்றுவதுபோல இவர்களும் மாற்றுகிறார்கள். கொள்கையால் இணையாதவர்கள் கட்சியின் குரலைத் தீர்மானிப்பது வருத்தமான விஷயம். ஆனால் அவர்களால் செய்ய முடிகிற வேலைக்கு அடித்தளமாக ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அது பூத் வாரிக் கணக்கு. தேர்தல் முடிந்ததும் எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பது படிவம் 20ல் வெளியாகிறது. ஒரு சாவடிக்கு ஏறத்தாழ ஆயிரம் வாக்காளர்கள். சில தெருக்கள், ஒரு காலனி, ஒரு மீனவர் குப்பம் என்று அந்த ஆயிரம் பேரும் யார் என்பது கிளைச் செயலாளருக்கும் பூத் கமிட்டிக்கும் தெரியும். வாக்காளர் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் ஆளைப் பொறுப்பாக்கும் முறையைப் பாஜக பல மாநிலங்களில் வைத்திருக்கிறது. பட்டியலோடு சாதிக் கணக்கும், திட்டப் பயனாளிகள் விவரமும், கைப்பேசி எண்ணும் சேர்ந்துவிட்டால் எந்த வீட்டுக்கு எந்தச் செய்தி என்று பிரிப்பது எளிது. நமக்குச் சேர்கிறவர், எதிராளிக்குச் சேர்கிறவர், இழுக்கப்படக்கூடியவர் என்று மூன்றாகப் பிரித்து, உழைப்பும் பணமும் மூன்றாமவரிடம் கொட்டப்படுகின்றன. முதலாமவரை யாரும் கேட்பதில்லை. இரண்டாமவரை யாரும் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

இது எங்கே போய் முடியும் என்பதை 2019 மக்களவைத் தேர்தலின்போது மேனகா காந்தி வெளிப்படையாகவே சொன்னார். தனக்குக் கிடைத்த வாக்கு விகிதத்தைப் பொறுத்துக் கிராமங்களை ஏ, பி, சி, டி என்று தரம் பிரித்து, அந்த வரிசையில் வளர்ச்சிப் பணிகள் நடக்கும் என்றார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னதை மனதுக்குள் செய்கிறவர்களை யார் கண்டிப்பது? ரகசிய வாக்கெடுப்பு என்கிறோம். தனிமனிதரின் ஓட்டு ரகசியம்தான். தெருவின் ஓட்டு ரகசியமில்லை. தண்ணீர்க் குழாயும் சாலையும் தெருவுக்குத்தானே வருகின்றன.

இப்போது இலவசங்களுக்கு வருகிறேன். 1967ல் ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்று திமுக முழங்கியது. ஒரு படி அரிசித் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கி, நிதிச்சுமை தாங்காமல் நின்றுபோனது. அது எல்லோருக்கும் தெரியும்; ஏனென்றால் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லப்பட்ட வாக்குறுதி அது. 2006ன் கலர் டிவியும் 2011ன் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் தேர்தல் அறிக்கையில் அச்சானவை. அவற்றை எதிர்த்து வழக்குப் போட முடிந்தது. அறிக்கையில் தரும் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. 2021ல் இல்லத்தரசிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று திமுக சொன்னதும் அதிமுக 1,500 என்றது. ஏலம் போடுகிறார்கள் என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஆட்சி அமைந்த நாளிலிருந்து ‘எங்கே ஆயிரம்?’ என்ற கேள்வி ஓயவில்லை. 2023 செப்டம்பரில் தகுதி விதிகளோடு உரிமைத்தொகை வந்தபோது, எல்லோருக்கும் என்றுதானே சொன்னீர்கள் என்று விடுபட்ட பெண்கள் கேட்டார்கள். அப்படிக் கேட்க ஒரு பொதுச் சாட்சியம் இருந்தது.

ஒரு குறிப்பிட்ட சாதியின் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் சுற்றிய வாக்குறுதிக்கு அந்தச் சாட்சியம் கிடையாது. ஒரு தெருவில் ‘இட ஒதுக்கீட்டைக் கூட்டுவோம்’ என்றும் அடுத்த தெருவில் ‘யாருக்கும் கூட்ட மாட்டோம்’ என்றும் ஒரே கட்சி சொல்லலாம். பொய் சொல்லவே தேவையில்லை. பாதியை மட்டும் சொன்னால் போதும். சோப்பு விற்கிறவர் இப்படிச் செய்தால் கேடில்லை. நான் வாங்கும் சோப்பு என் வீட்டில்தான் நுரைக்கும். என் ஓட்டோ எதிர்த்தெருக்காரரையும் சேர்த்து ஆள்கிறது. அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று அறிய எனக்கு உரிமை உண்டு.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பொதுமேடையில் பேசியது யார்? அங்கே தலித் பெண்ணின் பிரச்சினையும் உப்பளத் தொழிலாளியின் கூலியும் எத்தனை முறை ஒலித்தன? கூறு போட்டுப் பார்த்ததால்தான் பெண்கள் தனித்த வாக்காளர்களாகக் கட்சிகளின் கண்ணில் பட்டார்கள். கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் அதனால்தான் வந்தது என்று வாதிடலாம். அந்த வாதத்தை மதிக்கிறேன். ஒரு பிரிவினரின் தேவையைத் தனியாகக் கேட்டறிவது நல்லது, அவசியமும்கூட. ஆனால் அந்தப் பயணம் எல்லோருக்கும் தெரியும்படி அறிவிக்கப்பட்டு, எல்லோர் வரிப்பணத்திலும் நடக்கிறது. தனியாகக் கேட்கட்டும், பதிலைப் பொதுவில் சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்க நினைக்கிறேன். ஒன்று, பல சாவடிகளின் இயந்திரங்களைச் சேர்த்து எண்ணும் டோட்டலைசர். தேர்தல் ஆணையம் 2008லேயே கேட்டது. சட்ட ஆணையம் 2015ல் ஆதரித்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. வாக்குச்சீட்டுக் காலத்தில் சீட்டுகளைக் கலந்து எண்ணும் வழி விதிகளிலேயே இருந்தது என்பதை நினைவூட்ட வேண்டும். இரண்டாவது, கட்சிகள் பணம் கொடுத்துக் கைப்பேசிக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியும், எந்தப் பிரிவினருக்கு அனுப்பப்பட்டது என்ற குறிப்போடு, தேர்தல் ஆணையத்தின் தளத்தில் வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியாக வேண்டும். பூத் வாரிக் கணக்கு மறைந்தால் முறைகேட்டைக் கண்டுபிடிப்பது கடினமாகும் என்று கட்சித் தோழர்கள் சிலர் ஏற்கெனவே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அது கனமான ஆட்சேபம். விவாதத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.