வீடு எங்கே பாட்டி?

ஆண்டு விழாவுக்கான நாடகப் பாட்டு. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நடிக்க.

இடம்: தென்சென்னையில் ஓர் ஏரிக்கரை. பாதி ஏரிக்கு மேல் தார் ரோடு. காலம்: ஐப்பசி.

மேடையில் மூன்று பேர். வகுப்பில் மீதி இருக்கும் எல்லோரும் பின்னால் கூட்டுக்குரல்.

ஏரி: வயதானவள். செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சு. தாலாட்டு மெட்டில் இழுத்துப் பாடுவாள். எதிரில் இருப்பது யாரானாலும் ‘கண்ணு’, ‘ராசா’தான். அவளுக்குக் கோபம் வரும், ஆனால் குரல் உயராது. பக்கவாத்தியம் வேண்டாம்.

லாரி: தண்ணி லாரி. வடசென்னைப் பையன். கானா மெட்டு, டேப் மேளம் கிடைக்காவிட்டால் வகுப்புப் பெஞ்சில் தட்டினால் போதும். ஏரியை ‘ஆயா’ என்பான், மழையைத் ‘தங்கச்சி’ என்பான்.

மழை: சின்னப் பெண், இப்போதுதான் கடலிலிருந்து வந்தவள். எழுத்துத் தமிழ் பேசுவாள், ஆனால் வரிக்கு மூன்று சொல்லுக்கு மேல் பேசமாட்டாள். சில வரிகள் கேள்வி. தகதிமி நடை, கைதட்டலோடு.

நடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு சொல். லாரிப் பையன் பேசுவதைச் சிரிப்புக்காகக் கூட்டிப் பேசாதீர்கள். அது உங்களில் பலருடைய வீட்டுப் பேச்சு, அழகான பேச்சு. அவன் வில்லனும் இல்லை. குடத்தோடு காத்திருந்த தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் அவன். மூன்று பேரில் யார் சொல்வதும் பொய் இல்லை என்பதால்தான் இந்தச் சண்டையைப் பாட்டாக்க முடிந்தது.

(திரை விலகும்போது ஏரி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். அவள் புடவை முந்தானை மேல் குறுக்கே கறுப்புத் துணி, அதுதான் ரோடு.)

கூட்டுக்குரல்:
ஹாரன் அடிச்சு நிக்கிறது யாரு?
தெருவுக்கெல்லாம் தெரிஞ்ச லாரி!
கால நீட்டிக் கெடக்கிறது யாரு?
ஊருக்கு முன்னப் பொறந்த ஏரி!
கடலத் தாண்டி வர்றது யாரு?
கறுத்துக் கறுத்து வருது மாரி!

(லாரி நுழைகிறான். இடுப்பில் அட்டைத் தொட்டி. கறுப்புத் துணி மேல் வந்து நிற்கிறான்.)

லாரி:
இன்னா ஆயா, இங்க குந்திக்கினு கீற?
எத்தினி ஹாரன் அட்ச்சேன், வாங்கவே மாட்டேங்கற!
பன்னெண்டாயிரம் லிட்டரு முதுகுல கீது,
பத்துத் தெரு பாக்கி, நேரமா ஆவுது!
கொடத்த வச்சிக்கினு அக்கா நிக்குது,
கியூவுல சண்ட, கொயந்த கத்துது,
நா போவலன்னா சோறு வேவாது,
நவுரு ஆயா, வண்டி நிக்காது!

ஏரி:
நவுரச் சொன்னா எங்க போவேன் கண்ணு,
பூட்டன் காலத்துல படுத்த எடம், எழுந்ததில்ல கண்ணு.
கரையும் நாந்தான் ராசா, மதகும் நாந்தான் ராசா,
நெறஞ்சு கலங்கல் வழிஞ்சா ஊரே கொலவ போட்டுச்சு ராசா.
வரத்துக்கால் வழியா வந்ததெல்லாம் வாரி வச்சேன்,
வயல நனைச்சு, மிச்சத்தக் கெணத்துக்கு அனுப்பி வச்சேன்.
நீ நிக்கிற தாரு ரோடு இருக்குதே கண்ணு,
அது என் வயித்து மேல போட்டது கண்ணு.

லாரி (துள்ளி விலகி, பேச்சாக): ஐயையோ! ஆயா வயித்து மேலயா வண்டிய நிறுத்திக்கினேன்?

(பின்னால் பிள்ளைகள் உள்ளங்கையில் ஒரு விரலால் தட்டுகிறார்கள், அப்புறம் இரண்டு, மூன்று, நான்கு விரல். மழைச் சத்தம் வளரும். மழை ஓடி வருகிறாள்.)

மழை:
சடசட! சடசட!
ஓடி வந்தேன்!
வங்கக் கடலிலிருந்து
வழியெல்லாம் இடித்தேன்!
ஐப்பசி வந்தாச்சு,
அடைமழை ஆச்சு!
பாட்டி! பாட்டி!
படுக்கை எங்கே?
வருஷா வருஷம்
வருகிறேன் அல்லவா?
கதவு எங்கே?
வீடு எங்கே?

கூட்டுக்குரல்:
வீடு எங்கே பாட்டி, வீடு எங்கே?
மழை வந்து நிக்குது, வீடு எங்கே?

ஏரி:
வா கண்ணு, வா, தல நனைஞ்சு வந்தியா கண்ணு,
நீ வர்றேன்னு தெரியாமலா கெடந்தேன் கண்ணு?
மேக்கால வாசல்ல மாடி வீடு நிக்குது,
கெழக்கால வாசல்ல குப்ப மேடு நிக்குது,
வரத்துக்கால அடச்சு யாரோ வாசல் கட்டிப்புட்டாங்க,
வந்தவள வெளிய நிறுத்தி வஞ்சுகூடப் புட்டாங்க.

(கூட்டுக்குரல் அமைதி. மழையின் கைதட்டல் மட்டும், மெதுவாக. இந்தப் பகுதியை அவசரப்படுத்தக் கூடாது. நாடகத்தின் நடு இதுதான்.)

மழை:
2015 டிசம்பரில்
இப்படித்தான் நின்றேன்.
தாம்பரத்தில் ஒருநாளில்
49 சென்டிமீட்டர்!
படுக்க இடமில்லை.
தெருவில் படுத்தேன்.
தெருவும் நிறைந்தது.
படி ஏறினேன்.
கட்டில் ஏறினேன்.
மாடி ஏறினேன்.
அடையாறும் பொங்கியது.
எல்லோரும் அழுதார்கள்.
நானா கெட்டவள்?
சொல்லுங்கள் பாட்டி!

லாரி (பெஞ்சுத் தாளம் மெதுவாகத் தொடங்கி ஏறும்):
நீ வந்த கத அது, தங்கச்சி,
நீ வராத கத ஒண்ணு கேளு தங்கச்சி!
2019 கோட வெயிலு,
கொழாவ தொறந்தா காத்துதான்!
பூண்டி, புழலு, சோழவரம்,
செம்பரம்பாக்கம் எல்லாம் வெடிப்புதான்!
ஜோலார்பேட்டையில தண்ணி புட்ச்சி
50 வேகன் ரயிலு வந்திச்சி!
ராவும் பகலும் நா ஓடிக்கினேன்,
டயரு தேஞ்சும் நிக்கலியே!
வெள்ளம் வந்தா தெருவுல தண்ணி,
வெயிலு வந்தா கொழாவுல இல்ல,
இன்னா ஆயா இந்தக் கணக்கு?
எனுக்கு ஒண்ணும் பிரியலியே!

ஏரி (பாட்டு இல்லை, பேச்சு): ஒன்னு கேக்குறேன் ராசா, கோச்சுக்காத. ஒன் தொட்டியில இருக்கிற தண்ணிய எங்க புடிச்ச?

லாரி: ஊருக்கு வெளிய, ஆயா. வயக்காட்டுக் கெணத்துல.

ஏரி: அந்தக் கெணத்துக்கு அந்தத் தண்ணி எப்படி வந்துச்சு?

லாரி: (தலையைச் சொறிகிறான்) ...தரையிலேந்து ஊறும், இன்னா?

ஏரி: தரைக்குள்ள யாரு அனுப்பினா? பக்கத்துல ஏரி இருந்துச்சா இல்லியா?

லாரி: இருந்திச்சி... ஒரு பெரிய ஏரி.

ஏரி: அவ என் அக்கா மவ.

மழை:
அந்தத் தண்ணீர்
நான் கொடுத்தது!

லாரி: அப்போ நா இத்தினி வருசமா சுமந்துக்கினு போனது... உன்னியா தங்கச்சி?

மழை:
என்னைத்தான் அண்ணா!

(லாரி தன் அட்டைத் தொட்டியைத் தொட்டுப் பார்க்கிறான். நடிக்கும் பையன் இங்கே எதுவும் பேச வேண்டாம். ஐந்து எண்ணும் வரை தொட்டியையே பார்த்தால் போதும்.)

ஏரி (மறுபடி மெட்டில்):
எனக்கு மூத்தவ இருந்தா ராசா, மாம்பலத்து ஏரி,
நுங்கம்பாக்கம் வரைக்கும் கால நீட்டிக் கெடந்தா மாரி.
1920-கள்ல மண்ண அடிச்சு மூடினாங்க ராசா,
தியாகராய நகரு அவ மேலதான் எழுந்துச்சு ராசா.
லேக் வியூ ரோடு இன்னிக்கும் இருக்குது கண்ணு,
நின்னு பாத்தா தெரிய அவதான் இல்ல கண்ணு.

லாரி:
தி.நகரா? தீவாளி துணி எடுக்கற எடமா?
அங்க நா டெய்லி லோடு அட்ச்சிகினு கீறேனே ஆயா!

ஏரி:
மூத்தவ போனா போனதுதான், மீதிப் பேரு இருக்கோம்,
ஒருத்தி நெறஞ்சா அடுத்தவளுக்கு ஊத்தி விட்டுக் கெடப்போம்.
கையக் கோத்து நில்லுங்க, என் பேரப் புள்ளைங்களா,
கலங்கல் வழியுற வரிசையச் சொல்லுங்க, கேப்போம்!

(கூட்டுக்குரலிலிருந்து ஐந்து பிள்ளைகள் கைகோத்து வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஊர்ப் பெயர் அட்டை. மழை முதல் பிள்ளையின் கையில் நீல ரிப்பனின் நுனியைக் கொடுக்கிறாள். பெயர் சொல்லும்போது ரிப்பன் அடுத்த கைக்குப் போக வேண்டும்.)

கூட்டுக்குரல்:
செம்பாக்கம் நெறஞ்சது!
நன்மங்கலம் வாங்குது!
நன்மங்கலம் நெறஞ்சது!
கீழ்க்கட்டளை வாங்குது!
கீழ்க்கட்டளை நெறஞ்சது!
நாராயணபுரம் வாங்குது!
நாராயணபுரம் நெறஞ்சது!
பள்ளிக்கரணை வாங்குது!

ஏரி:
சதுப்புல கெடக்கிறா கடைசித் தங்கச்சி, பறவைக்கெல்லாம் தாயி,
2022-ல ராம்சர்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல ஏறிச்சு அவ பேரு!
அவளும் சுருங்கித்தான் போனா ராசா, குப்பையும் சுமந்தா ராசா,
இருந்தும் இன்னும் வந்த தண்ணிய வாங்கிக்கிறா ராசா.

(நாராயணபுரம் அட்டை போட்ட பிள்ளை கையை விட்டுவிடுகிறது. ரிப்பன் கீழே விழுகிறது. மழை கூட்டத்துக்குள் தடதடவென ஓடுகிறாள். பிள்ளைகள் நாற்காலி மேல் ஏறுகிறார்கள்.)

மழை:
கை விட்டது!
வழி அடைத்தது!
தெருவில் நிற்கிறேன்!
யார் பிடிப்பார்?

லாரி:
நா புடிக்கறேன் தங்கச்சி, இரு!
(பெஞ்சுத் தாளம் வேகமாக)
தொட்டிய கயட்டி வச்சிட்டு வாரேன்,
டிப்பர மாட்டிக்கினு வாரேன்!
ஏரி வயித்துல தூந்த மண்ண
லோடு லோடா அள்ளிக்கினு போறேன்!
வாசல்ல கீற குப்பையத் தூக்கி
வரத்துக்காலு தொறந்து வுட்றேன்!
கோடையில கூப்டா தண்ணியும் கொண்டாறேன்,
மாட்டேன்னு சொல்லல, அதுவும் என் வேலதான்!
ஆனா ஆயா நெறஞ்சி கீதுன்னா
அக்கா கியூவுல நிக்க வேணாம்தான்!

(லாரி தொட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விடுபட்ட இடத்தில் நின்று இரண்டு கையையும் நீட்டிப் பிடிக்கிறான். ரிப்பன் மறுபடி நகர்கிறது. ஏரி மேல் கிடந்த கறுப்புத் துணியைக் கூட்டுக்குரல் பிள்ளைகள் பாதி வரை சுருட்டுகிறார்கள். முழுக்கச் சுருட்ட வேண்டாம். ரோடு இருக்கிறது, இருக்கத்தான் போகிறது.)

மூவரும் சேர்ந்து (ஏரி முதலில் தொடங்கி இரண்டு வரி பாடியதும் லாரி சேர்வான், அவன் இரண்டு வரி முடித்ததும் மழை. அவரவர் மெட்டை விடாமல், ஒருவர் மேல் ஒருவர் விழும்படி):

ஏரி:
மெதுவா வா கண்ணு, எடம் இருக்கு கண்ணு,
வரத்துக்கால் தொறந்து வச்சேன், வந்து படு கண்ணு.

லாரி:
ஓரம் போ, ஓரம் போ, ஆயா நெறையுது!
ஊர்ல கெணறெல்லாம் ஷோக்கா ஊறுது!

மழை:
கதவு திறந்தது!
படுக்கை கிடைத்தது!
பாட்டி மடியில்
படுத்துக் கொள்கிறேன்!

கூட்டுக்குரல் (பள்ளிக்கரணைப் பிள்ளை ரிப்பனோடு மேடையை விட்டு இறங்கி, பார்வையாளர் நடுவே கதவை நோக்கி ஓடுகிறது, மற்றவர்கள் பின்னாலேயே ஓடுகிறார்கள்):
பள்ளிக்கரணை நெறஞ்சது!
ஒக்கியம் மடுவு வாங்குது!
ஒக்கியம் மடுவு நெறஞ்சது!
பக்கிங்காம் கால்வா வாங்குது!
கால்வா ஓடுது! கால்வா ஓடுது!
முட்டுக்காடு! முட்டுக்காடு! கடலு!

(திரை)