கட்டுரைத் திட்டம்: கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களால் சென்னைக்கு விளையும் நன்மைகளும் தீமைகளும்

கல்லூரிக் கட்டுரைப் போட்டிக்காக நான் எழுதவிருக்கும் கட்டுரையின் திட்டத்தைத் தமிழ்த்துறைப் பேராசிரியை அம்மா அவர்களின் பார்வைக்கு வைக்கிறேன். கட்டுரை எழுநூறு சொற்களுக்குள் அமைய வேண்டும் என்பது போட்டி விதி. நன்மை, தீமை இரண்டையும் கூறிவிட்டு "இரண்டும் உண்டு" என்று முடித்துவிடாமல், தெளிவான ஒரு முடிவுக்கு வர விரும்புகிறேன்.

முதற்பத்தியை 2019 கோடையிலிருந்து தொடங்குகிறேன். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோக, அவ்வாண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. எட்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நான், என் தாயாருடன் குடத்தை ஏந்தித் தண்ணீர் லாரிக்காக இரவில் காத்திருந்தேன். இந்நினைவு என்னை இயல்பாகவே நிலையங்களின் பக்கம் சாய்க்கிறது. ஆகவே கட்டுரையில் தாகத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் மட்டும் எழுதிவிட்டு, வாதத்துக்குச் சென்றுவிடுவேன்.

இரு தரப்பையும் ஒரே அளவுகோலால் அளப்பதே நடுநிலை என்று கருதுகிறேன். நன்மைகளை வறட்சி ஆண்டிலும் தீமைகளை நல்ல மழை ஆண்டிலும் வைத்துப் பார்த்தால் முடிவை முன்கூட்டியே எழுதிவிட்டதாகும். ஒவ்வொரு கருத்தையும் "ஏரி வறண்ட ஆண்டில் இதன் நிலை என்ன, ஏரி நிரம்பிய ஆண்டில் என்ன?" என்ற இரு கேள்விகளுக்கும் உட்படுத்துவேன்.

நன்மைகளில் முதன்மையானது, கடல் மழையை நம்பியிருக்கவில்லை என்பது. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும் தொடங்கிய நிலையங்கள் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறனுடையவை. 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டர் திறனுடைய இன்னொன்றும் திறக்கப்பட்டது. வறட்சியில் இந்நீருக்கு மாற்று தொலைவிலிருந்து கொண்டுவரும் நீரே. அதற்கும் செலவுண்டு, அதைத் தரும் ஊருக்கும் தாகமுண்டு. இக்கருத்தை நன்மைப் பகுதியின் நடுவில் நிறுத்தி விரிவாக எழுதுவேன். நீரின் தரம் சீரானது என்பதற்கு ஒரு வாக்கியம் போதும்.

தீமைப் பகுதிக்கு அதே அளவு இடம் தருவேன்; ஆனால் இங்குக் கருத்துகள் மூன்று. முதலாவது மின்சாரம்: கடல்நீரை அழுத்தத்துடன் சவ்வின் வழியே செலுத்தி உப்பைப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் ஆயிரம் லிட்டருக்கு ஏறத்தாழ 3 முதல் 4 யூனிட் தேவைப்படுவதால், 10 கோடி லிட்டருக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 லட்சம் யூனிட் ஆகும். ஏரி நிரம்பிய ஆண்டில் இச்செலவுக்கு நியாயம் சொல்வது கடினம். இரண்டாவது உவர்க்கழிவு: உறிஞ்சும் கடல்நீரில் பாதிக்கும் குறைவே குடிநீராகிறது, எஞ்சியது ஏறத்தாழ இருமடங்கு உப்புடன் கடலுக்கே திரும்புகிறது. மூன்றாவது, கரையோர மீனவர்களின் முறையீடு. மீன்வரத்துக் குறைவதையும் கரை அரிப்பையும் பற்றி அவர்கள் கூறுவதை "சிலர் எதிர்க்கின்றனர்" என்று சுருக்க மாட்டேன். நெம்மேலிக் கரையில் வலை உலர்த்தும் ஒருவர் இப்பகுதியைப் படித்தால், தம் பேச்சு குறையாமல் வந்திருக்கிறது என்று அவருக்குத் தோன்ற வேண்டும். இந்த இழப்பு வறண்ட ஆண்டு, நிரம்பிய ஆண்டு என்று பாராமல் தொடர்வதையும், பயன் நகரத்துக்கும் சுமை குப்பத்துக்கும் போவதையும் அங்கேயே எழுதுவேன்.

அடுத்து, எடை போடும் பத்தி ஒன்று. வறண்ட ஆண்டில் நன்மையின் தட்டு தாழ்கிறது. நிரம்பிய ஆண்டில் தீமையின் தட்டு. ஆகவே கேள்வி "நல்லதா, கெட்டதா?" என்பதிலிருந்து "எப்போது, எவ்வளவு?" என்பதற்கு நகர்கிறது. சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையில் சில வாரங்களில் கொட்டிக் கடலில் கலக்கிறது. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு வழங்கும் நிலையங்கள் ஏற்கெனவே உள்ளன. இம்மாற்று வழிகளை இப்பத்தியில் மட்டுமே கொண்டுவருவேன். முன்னரே புகுத்தினால் நன்மைத் தரப்பு பேசத் தொடங்குமுன்பே தோற்றதாகத் தோன்றும்.

முடிவுரையை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்: "இயங்கிவரும் நிலையங்களை வறட்சிக்கான காப்பாகப் பேண வேண்டும், ஏரிகள் நிரம்பிய மாதங்களில் அவற்றின் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். பேரூரில் கட்டப்படும் 40 கோடி லிட்டர் நிலையத்துக்குப் பிறகு, ஏரிகளைத் தூர்வாருதலும் கழிவுநீர் மறுபயன்பாடும் முழு அளவை எட்டும் வரை புதிய நிலையம் தொடங்கலாகாது. உவர்க்கழிவு விழும் கடற்பகுதியின் ஆய்வு முடிவுகளை, அக்கரையில் மீன்பிடிப்போரின் ஊர்க்கூட்டத்தில் ஆண்டுதோறும் வைக்க வேண்டும்."